சோற்றுக்காகத்தான் வருகிறார்கள்

"பிள்ளைங்க படிக்கவா சார் வருது? சோத்துக்குத்தான் வருது." பள்ளியில் உணவு போடுவதைப் பற்றிப் பேச்சு எங்கே தொடங்கினாலும், கால்மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். சிலர் வருத்தத்தோடு சொல்வார்கள். திட்டத்தை ஆதரிப்பவர்களும் இதையேதான் வேறு தொனியில் சொல்கிறார்கள்: "சோத்துக்காக வந்தாத்தான் என்ன, வந்தால் போதாதா?" ஆக, இரண்டு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை. உணவு போட்டால் வருகை கூடும், அவ்வளவுதான். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது அந்த ஒற்றுமைதான். எவ்வளவு கூடும்? யாருடைய வருகை? எந்த ஏட்டில் பார்த்தால் கூடியதாகத் தெரியும்? வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு என்ன ஆகிறது? இதையெல்லாம் கேட்காமலே சண்டை போடலாம் என்பதால்தான் இந்தச் சண்டை இத்தனை காலம் ஓடுகிறதோ என்னவோ.

திட்டங்களின் வரலாற்றை இங்கே எழுதப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருகை என்ற ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று மட்டும் போய்ப் பார்க்கிறேன்.

மாதத்துக்கு மூன்று கிலோ

1995-இல் இந்திய அரசு தொடக்கப்பள்ளிகளுக்கான உணவுத் திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தபோது சமைத்த உணவு தருவதுதான் நோக்கம். பெரும்பாலான மாநிலங்கள் அடுப்பே மூட்டவில்லை. அதற்குப் பதிலாக, மாதத்தில் 80 சதவீத நாட்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு 3 கிலோ தானியம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. சமைத்துப் போட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம்தான் கணக்கு. 25 பள்ளி நாட்கள் கொண்ட மாதத்தில் அது இரண்டரைக் கிலோ. வீட்டுக்குக் கொடுத்தது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சமையல்காரர் சம்பளம் இல்லை, விறகு இல்லை, பாத்திரம் இல்லை. அதோடு 80 சதவீதம் என்ற நிபந்தனையே வருகையைக் கூட்டிவிடும் என்று நம்பினார்கள்.

அந்த நிபந்தனையை ஒரு பிள்ளையின் மாதத்தில் வைத்துப் பாருங்கள். 25 நாட்களில் 20 நாள் வந்தால் 80 சதவீதம். 19 நாள் வந்தால் 76, தானியம் கிடையாது. காய்ச்சலிலோ அறுவடையிலோ முதல் இரண்டு வாரத்திலேயே ஆறு நாள் விட்டுப்போன பிள்ளைக்கு மீதி மாதம் முழுக்க வந்தாலும் 19 நாள்தான். அவளைப் பொறுத்தவரை அந்த மாதத்துக்குத் திட்டம் முடிந்துவிட்டது. எதிர்முனையில், மாதத்தின் 20-ஆம் பள்ளி நாளிலேயே இலக்கைத் தொட்டுவிட்ட பிள்ளைக்கு மீதி ஐந்து நாட்கள் வருவதற்குத் தானியம் எந்தக் காரணமும் தருவதில்லை. நடுவில் இருக்கும் பிள்ளைக்கு 19-க்கும் 20-க்கும் இடையே ஒரே ஒரு பேனாக் கோடு. அந்தக் கோட்டைப் போடுகிறவரும் மூட்டையைப் பிரித்துக் கொடுக்கிறவரும் ஒரே ஆசிரியர். வாசலில் பையோடு நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு 19 என்று எழுதிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? லிண்டன், சாஸ்திரி என்ற இரு பொருளியலாளர்கள் பதிவேட்டில் இருந்த வருகையையும் வெளியாட்கள் போய் எடுத்த வருகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தானியம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தக் குறியில் தொங்கும்போது ஆசிரியர்கள் வருகையைக் கூட்டி எழுதியது அதில் தெரிந்தது. இதை ஊழல் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஏட்டை வைத்துக்கொண்டு "திட்டத்தால் வருகை கூடியிருக்கிறது" என்றும் யாரும் சொல்ல முடியாது. கூடியது வருகையா, மையா?

2001 நவம்பர் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: தானியம் போதாது, சமைத்த உணவுதான் தர வேண்டும். குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள். மாநிலங்கள் முன்பின்னாக மாறின. மத்தியப் பிரதேசத்தில் அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஃபர்சானா அஃப்ரிதி அங்கே ஆய்வு செய்தார். தானியத்திலிருந்து தட்டுக்கு மாறியபோது முதல் வகுப்புச் சிறுமிகளின் மாத வருகை 12 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்திருந்தது. அதே வகுப்புப் பையன்களிடம் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

தானியத்தின் அளவு ஏறக்குறைய அதேதான் என்பதை மறக்க வேண்டாம். மாறியது, அது கையில் வந்து சேரும் விதம். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துத் தரும் தானியம் குடும்பத்துக்குப் போகிறது. இன்று வந்தால் இன்று கிடைக்கும் தட்டு அந்தப் பிள்ளைக்கு மட்டும். வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே குறி போட்டுவிடலாம், வராத பிள்ளையின் வயிற்றில் சோறு போட முடியாது. முதல் வகுப்பில் இருப்பவள் ஆறு வயதுக்காரி. அவளை இன்று அனுப்புவதா, வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நிறுத்துவதா என்ற முடிவு தினமும் காலையில் எடுக்கப்படுவது. தினமும் எடுக்கிற முடிவை மாதக் கூலியால் அசைக்க முடியவில்லை, தினக்கூலியால் அசைக்க முடிந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

வருகை குறைந்த வீடுகள்

இதுவரை கதை நேராகத்தான் போகிறது. என்னை நிறுத்தி வைத்தது மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் நடந்த ஒரு ஆய்வு. கசியாங்கா, டி வாக், ஆல்டர்மன் மூவரும் கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக் கிராமங்களில் பள்ளியில் எல்லோருக்கும் மதிய உணவு. இன்னொரு பகுதியில், 90 சதவீதம் பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 10 கிலோ மாவு வீட்டுக்கு. மூன்றாவது பகுதியில் எதுவும் இல்லை. ஒரு கல்வியாண்டு முடிந்ததும் பார்த்தால், இரண்டு ஏற்பாட்டிலும் பள்ளிச் சேர்க்கை 3 முதல் 5 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் வேலைக்கு உதவும் பிள்ளைகள் குறைவாக உள்ள வீடுகளில் பள்ளிக்கு வராத நாட்கள் கூடியிருந்தன. கூடியிருந்தன! பிள்ளைகள் அதிகமுள்ள வீடுகளில்தான் அவை குறைந்திருந்தன.

சோறு போட்டதால் சில வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக மட்டம் போட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்? முதலில் இது ஏதோ அச்சுப்பிழை மாதிரிதான் தோன்றும். அந்த வீட்டுக்குள் போய் நின்று பார்த்தால் புரியும். அங்கே தண்ணீர் எடுக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், ஆடு மேய்க்க வேண்டும், சின்னதுகளைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நிறைய இருந்தால் ஒருத்தியை முழுநேரமும் பள்ளிக்கு விட்டுவிட்டு வேலைகளை மற்றவர்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளலாம். இரண்டே பேர் உள்ள வீட்டில் உணவின் ஈர்ப்பால் இருவரையுமே சேர்த்துவிடுகிறார்கள். வேலையோ குறையவில்லை. இன்று இவன் போகட்டும், நாளை அவள் போகட்டும் என்று முறை வைத்து அனுப்புகிறார்கள். உணவுத் திட்டம் ஒரு பிள்ளையின் பசியைத் தீர்த்தது, அந்த வீட்டின் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, வருகை விகிதம் என்ற எண்ணின் மீதே எனக்கு மரியாதை குறைந்துபோனது. பள்ளி வயதில் 100 பிள்ளைகள் உள்ள ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உணவுக்கு முன் 60 பேர் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள், ஒரு சராசரி நாளில் 48 பேர் வருகிறார்கள். விகிதம் 80 சதவீதம். உணவு வந்த பிறகு 75 பேர் சேர்கிறார்கள், சராசரி நாளில் 57 பேர் வருகிறார்கள். விகிதம் 76. மேலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு வருகை 4 புள்ளி சரிந்திருக்கிறது, திட்டம் தோல்வி. வகுப்பறையில் நின்று தலை எண்ணினால் நேற்று இல்லாத ஒன்பது பேர் இன்று இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் யார்? இதுவரை சேராதவர்கள். ஏன் சேரவில்லை? அவர்கள் வீட்டில்தான் நெருக்கடி அதிகம். அவர்கள்தான் அதிகம் மட்டம் போடுவார்கள். திட்டம் சரியான வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால், விகிதம் கொஞ்சம் இறங்கித்தான் ஆகும். ஆகவே வருகை விகிதத்தைத் தனியாகக் காட்டி யாராவது வாதாடினால், ஆதரவாக இருந்தாலும் எதிராக இருந்தாலும், நான் சேர்க்கை எண்ணையும் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு நிர்வாகக் கோணலையும் சொல்லிவிடுகிறேன். விகிதத்தை வைத்துப் பள்ளியைத் தரம் பிரித்தால், அடிக்கடி வராத பிள்ளையின் பெயரை ஏட்டிலிருந்து எடுத்துவிடுவது தலைமையாசிரியருக்கு லாபம். தட்டுகளின் எண்ணிக்கையை வைத்து அரிசி ஒதுக்கினால், வராத பிள்ளையின் பெயரை ஏட்டில் வைத்திருப்பது லாபம். ஒரே பிள்ளை, இரண்டு விதிகள், இரண்டு விதமான பொய். எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று தலையை எண்ணுவதைவிட எளிய வழி எதுவும் இல்லை.

எத்தனை மணிக்கு, யார் பரிமாறுவது

சரி, பிள்ளை வந்துவிட்டாள். அடுத்தது? "படிக்கவா வருது" என்ற பாதிக்கு இப்போதுதான் வருகிறேன்.

மேற்குக் கென்யாவில் வெர்மீர்ஷ், கிரேமர் இருவரும் 50 முன்பருவப் பள்ளிகளை எடுத்து, குலுக்கலில் விழுந்த 25-இல் காலைக் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சி இல்லாத பள்ளிகளில் பிள்ளைகளின் பங்கேற்பு 27.4 சதவீதம், கஞ்சி இருந்த இடத்தில் 35.9. எட்டரைப் புள்ளி வித்தியாசம் பெரிது. பழைய அளவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அப்படியானால் தேர்வு மதிப்பெண்ணும் கூடியிருக்க வேண்டுமே? கூடியது, ஆனால் ஏற்கெனவே அனுபவமுள்ள ஆசிரியர் இருந்த பள்ளிகளில் மட்டும். மற்ற இடங்களில் இல்லை. காரணங்களையும் அவர்கள் தோண்டினார்கள். உணவு, பாடம் நடத்தும் நேரத்தைத் தின்றது. பிள்ளைகள் கூடியதால் வகுப்பு நெரிந்தது. இன்னொன்று, எனக்குப் பிடித்த தகவல்: கஞ்சி கொடுத்த பள்ளிகள் கட்டணத்தை உயர்த்தின, பக்கத்தில் கஞ்சி இல்லாத பள்ளிகள் பிள்ளைகளை இழக்காமலிருக்கக் கட்டணத்தைக் குறைத்தன. இலவசக் கஞ்சியின் விலையில் ஒரு பகுதியைப் பெற்றோர் வேறு வாசல் வழியாகக் கட்டியிருக்கிறார்கள்.

பாட நேரம் போவது சின்ன விஷயமாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கஞ்சி காய்ச்சி முடியும்வரை காத்திருப்பது, வரிசையில் நிறுத்துவது, கிண்ணம் கழுவுவது என்று ஒரு நாளைக்கு 20 நிமிடம் வகுப்பிலிருந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 நாளில் 4,000 நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரப் பாடம் என்றால் அது 13 பள்ளி நாட்களுக்கு மேல். உணவால் வருகை 2 சதவீதப் புள்ளி உயர்ந்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் கூடுதல் நாட்கள் நான்கு. நான்கு நாள் சம்பாதித்து 13 நாள் செலவழித்தால், அதுவும் ஏற்கெனவே ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் கணக்கிலிருந்தும் செலவழித்தால், மதிப்பெண் எங்கிருந்து ஏறும்? இதற்குத் தீர்வு உணவை நிறுத்துவதல்ல. சமைக்கத் தனி ஆள், பரிமாறத் தனி ஆள், மணி அடித்ததும் தயாராக இருக்கும் பாத்திரம். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவைத் திட்டத்தின் கூடுதல் செலவு என்று எழுதுகிறார்கள். என் கணக்கில் அது திட்டமேதான்.

ஜமைக்காவில் பவல், வாக்கர், சாங், கிராந்தம்-மக்ரெகர் ஆகியோர் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. 16 கிராமப் பள்ளிகளில் 814 பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்கத் தினமும் காலை உணவு. மீதிப் பேருக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கால்வாசி ஆரஞ்சுப்பழம். ஏன் அந்தக் கால்வாசி? கூப்பிட்டு, பேர் சொல்லி, கையில் ஏதோ ஒன்று கொடுக்கும் கவனிப்பே ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கலாம். இரு தரப்புக்கும் கவனிப்பைச் சமமாக்கிவிட்டால், மிஞ்சும் வித்தியாசம் உணவுடையது. "சோத்துக்காகவா, வேறெதற்காவதா" என்ற கேள்வியை இதைவிட நேர்மையாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. விடை: உயரம், எடை, வருகை மூன்றும் கூடின, ஆனால் கொஞ்சமாக. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் உணவால் பலன் தெரியவில்லை. அதே நாட்டில் இன்னொரு சிறிய ஆய்வு, காலை உணவு கொடுத்த பின் பிள்ளைகள் வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தது. வசதியும் ஒழுங்கும் உள்ள பள்ளியில் கவனம் கூடியது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த வகுப்புகளில் பேச்சும் குறும்பும்தான் கூடின. வயிறு நிறைந்த பிள்ளைக்குத் தெம்பு வருகிறது. அந்தத் தெம்பைப் பாடத்தின் பக்கம் திருப்ப ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

வீட்டுத் தட்டு

இன்னொரு சந்தேகம் உண்டு, இதைப் பொருளியல் படித்தவர்கள் கேட்பார்கள். பள்ளியில் தின்றுவிட்டு வருகிறான் என்று தெரிந்தால் வீட்டில் அவனுக்குக் குறைத்துத்தானே வைப்பார்கள்? அப்படியானால் உணவு பிள்ளைக்குப் போகவில்லை, குடும்பத்துக்குப் போகிறது. சந்தேகம் நியாயமானது. பிலிப்பைன்ஸில் ஹனன் ஜேக்கபி பள்ளி நாளில் பிள்ளை மொத்தம் எவ்வளவு சாப்பிட்டது, விடுமுறை நாளில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார். பள்ளியில் கிடைத்த கலோரி ஏறக்குறைய முழுதும் பிள்ளையிடமே ஒட்டிக்கொண்டிருந்தது. அஃப்ரிதியும் மத்தியப் பிரதேசத்தில் இதையேதான் கண்டார். அவர் கணக்கில் பள்ளி உணவு பிள்ளையின் அன்றாடப் புரதப் பற்றாக்குறையை முழுதாகவும், கலோரிப் பற்றாக்குறையைச் சுமார் 30 சதவீதமும், இரும்புச்சத்துப் பற்றாக்குறையை 10 சதவீத அளவுக்கும் குறைத்தது.

அந்தக் கடைசி எண்ணில் நில்லுங்கள். 10 சதவீதம்தான். தானியமே பெரும்பகுதியான ஒரு தட்டிலிருந்து உடலுக்கு இரும்பு சரியாகச் சேருவதில்லை. தானியத்தில் உள்ள ஃபைடேட் என்ற சேர்மம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயிறு நிறையும், இரத்தசோகை அப்படியே இருக்கும். இதற்கும் வருகைக்கும் என்ன சம்பந்தம்? டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பொபோனிஸ், மிகெல், பூரி-ஷர்மா ஆகியோர் பார்த்தபோது 69 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, 30 சதவீதம் பேர் வயிற்றில் புழு. குலுக்கலில் தேர்ந்த பாலர் பள்ளிகளில் இரும்புச்சத்து, குடற்புழு மாத்திரை, வைட்டமின் ஏ மூன்றும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் எடை அரைக் கிலோ அளவுக்குக் கூடியது, வராத நாட்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. இங்கே யாரும் சோற்றுக்காக வரவில்லை. மாத்திரைக்காக எந்தப் பிள்ளை ஓடி வரும்? உடம்பில் தெம்பு வந்தது, வந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளை என்றால் வர மனமில்லாத பிள்ளை என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். எழுந்து வர முடியாத பிள்ளை அந்தப் பேச்சிலேயே இல்லை.

ஊட்டச்சத்துக்காரர்கள் சொல்லும் ஆட்சேபம் மிச்சமிருக்கிறது, அது பலமானதும்கூட. குழந்தையின் உயரம் குன்றுவது பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதுக்குள்ளும் நடந்து முடிந்துவிடுகிறது. ஆறு வயதில் சோறு போட்டு அதைத் திருப்ப முடியாது என்பார்கள். அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரிதான். ஆனால் பள்ளியில் சாப்பிட்ட சிறுமி பிறகு தாயாகிறாள். 2021-இல் சக்ரவர்த்தியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் இந்தியாவின் பள்ளி உணவுத் திட்டம் எட்டிய பெண்களின் பிள்ளைகளை, எட்டாத பெண்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. திட்டம் முழுமையாக எட்டியிருந்த தாய்மாரின் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் தெளிவாக முன்னே இருந்தார்கள். 2006-க்கும் 2016-க்கும் இடையே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இதனால் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

13-க்கும் 32-க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தீர்களா? இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல. மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு திட்டம் பரவிய வேகத்தில் இருந்த வேறுபாட்டை வைத்துக் கணித்தது. அந்தப் பெண்கள் கூடுதல் ஆண்டுகள் படித்தும் இருந்தார்கள், பெற்ற பிள்ளைகள் குறைவு, பேறுகால மருத்துவ வசதிகளை அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள். இதில் தட்டிலிருந்த சோறு செய்தது எவ்வளவு, அந்தத் தட்டுக்காக வந்து உட்கார்ந்த வகுப்பு செய்தது எவ்வளவு என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. சோற்றுக்காக வந்தாளா, படிக்க வந்தாளா என்று பிரிக்க முயல்கிறவர்களுக்கும் அதே சிக்கல்தான்.